சுற்றறிக்கை அல்ல, வாழ்த்துதான்

“பொதுத்தேர்வுக்கு முதல் நாள் ஆசிரியர் அனுப்பும் வாழ்த்து, இலக்கைச் சொல்லி உந்த வேண்டுமா, பாரத்தை இறக்கி வைக்க வேண்டுமா?” இது நடுவர் கேட்டது. “பேனா எடுத்துக்கொள், பத்து மணிக்குள் வந்துவிடு என்று எழுதினால் அதற்குப் பெயர் வாழ்த்தா, சுற்றறிக்கையா?” இது எதிரணித் தலைவர் எங்களைப் பார்த்துக் கேட்டது.

நடுவர் அவர்களுக்கும், ஆர்.கே.புரம் குளிரில் ஸ்வெட்டரும் சால்வையுமாக வந்து அமர்ந்திருக்கும் தில்லித் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். பாரத்தை இறக்கி வைக்க வேண்டும் என்னும் அணியில் பேசுகிறேன்.

எதிரணித் தலைவர் அப்படிக் கேட்டபோது அரங்கமே கைதட்டியது. அவருக்குப் பதில் சொல்ல ஒரு வாழ்த்துச் செய்தியை வாசிக்கிறேன். அதை எழுதியது நான். நான் எழுதியிருக்கக் கூடாத செய்தி அது.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கணக்குத் தேர்வுக்கு முந்தைய இரவு பத்தரை மணிக்கு, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதினேன்: “என் அன்புப் பிள்ளைகளே, இரண்டு ஆண்டு உழைப்புக்கு நாளை பலன் கிடைக்கப் போகிறது. நம் வகுப்பில் 90-க்குக் கீழே யாரும் வர மாட்டார்கள் என்று முதல்வரிடம் சொல்லியிருக்கிறேன். என் நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள்.” அந்த வகுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள். ஐந்து நிமிடத்துக்குள் முப்பத்து நான்கு கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. பிள்ளைகளுக்கு உற்சாகம் ஊட்டிவிட்டோம் என்ற நிறைவோடு நான் தூங்கப் போனேன்.

அந்த வகுப்பில் மயூர் விஹாரிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். தொகை நுண்கணிதத்தில் ஒவ்வொரு படிக்கும் கீழே மெல்லிய கோடு இழுத்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவாள். அன்றைய வினாத்தாளில் முதல் பிரிவில், எப்போதும் போல ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபது. ஆறாவது வினா நிகழ்தகவு. அவள் போட்ட விடை, கொடுத்திருந்த நான்கு விடைகளில் ஒன்றோடும் பொருந்தவில்லை. பொருந்தாவிட்டால் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்று ஓர் ஆண்டு முழுக்க நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன், அவளும் எல்லா மாதிரித் தேர்விலும் அப்படித்தான் செய்திருந்தாள். அன்று மட்டும் வட்டம் போடவில்லை. திரும்பப் போட்டாள். இன்னொரு முறை போட்டாள். பத்தரைக்கு எழுதத் தொடங்கியவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது மணி 11.15. கடைசியில், தெளிவாகத் தெரிந்த இரண்டு ஐந்து மதிப்பெண் கணக்குகளுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. ஒரு மதிப்பெண்ணுக்காகப் பத்து மதிப்பெண்.

சில வாரங்கள் கழித்து, சான்றிதழ் வாங்க வந்தவள் தாழ்வாரத்தில் என்னிடம் சொன்னாள்: “விட்டுட்டுப் போகணும்னு தெரியும் மேம். ஆனா 90-னு நீங்க ப்ரின்சிபல்கிட்ட சொல்லிட்டீங்களே. ஒண்ணு விட்டாலும் குறையுமேன்னு கையே நகரல.” நடுவர் அவர்களே, அக மதிப்பீட்டுக்கு 20, எழுத்துத் தேர்வுக்கு 80, ஆக 100-இல் 90 எடுக்க நினைப்பவர் பத்து மதிப்பெண் வரை இழக்கலாம். ஆறாவது கேள்வியை விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கணக்கில் அவ்வளவு தேர்ந்த அந்தப் பிள்ளைக்கு அந்தக் கழித்தல் அன்று தோன்றவில்லை. தோன்றவிடாமல் செய்தது என் செய்தி. “காப்பாற்றுங்கள்” என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் முதல்வரிடம் வாங்கிய கடனை அடைக்கும் பொறுப்பை, இரவு பத்தரை மணிக்கு, பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டேன்.

இது ஏன் நடக்கிறது என்பதை எங்கள் அணியில் முதலில் பேசிய ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஐயா சொன்னார். கணக்குப் போடும்போது இடைப்பட்ட எண்களையும் அடுத்த படியையும் மனம் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடம் சிறியது. கவலையும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். ராமிரெஸ், பெய்லாக் என்ற இருவர் 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வையும் அவர் எடுத்துச் சொன்னார். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளைத் தாளில் எழுதிய மாணவர்கள், அதிலும் தேர்வென்றாலே பயப்படுபவர்கள், நன்றாகச் செய்தார்கள். கவலை தாளில் இறங்கியதும் அது அடைத்திருந்த இடம் காலியாயிற்று.

இதற்கு எதிரணியில் பேசிய பொறியாளர் தம்பி, “கொஞ்சம் பதற்றம் இருந்தால்தான் வேலை நடக்கும், 1908-இலேயே யெர்க்ஸும் டாட்சனும் சுண்டெலிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள்” என்றார். தம்பி சொன்னதில் பாதி சரி. அதே ஆய்வின் மறுபாதி, வேலை கடினமாக ஆக ஆக, தாங்கக்கூடிய தூண்டுதலின் அளவு குறைந்துகொண்டே போகும் என்பது. பொதுத்தேர்வுக் கணக்கு எளிய வேலை இல்லை. அந்தக் கொஞ்சம் பதற்றமும் முதல் நாள் இரவு எந்தப் பிள்ளையிடமும் ஏற்கெனவே இருக்கிறது, அதை நாம் அனுப்பி வைக்க வேண்டியதில்லை.

எதிரணியில் பேசிய, மத்திய அமைச்சகத்தில் பணிபுரியும் ஐயா தம் சொந்தக் கதையைச் சொன்னார். கும்பகோணத்தில் அவருடைய வாத்தியார், “தோற்றால் இந்தத் தெருப்பக்கம் வராதே” என்று சொல்லி வளர்த்தாராம். ஐயா முன்னுக்கு வந்தது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஆனால் ஆண்டு முழுதும் கண்டித்து வளர்த்த ஒருவரைப் பற்றித்தான் அவர் பேசினார். தேர்வுக்கு முந்தைய ஒரே ஒரு மாலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. தெருப்பக்கம் வராமலே போன மற்றப் பிள்ளைகள் இந்த மேடைக்கு வந்து பேசவும் வாய்ப்பில்லை.

இப்போது அந்தச் சுற்றறிக்கைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு மாலை ஆறரை மணிக்கு நான் அனுப்பியதை முழுதாக வாசிக்கிறேன்:

“பிள்ளைகளே, நாளை 10 மணிக்கு மேல் மையத்துக்குள் விட மாட்டார்கள். ஒன்பதரைக்கே போய்விடுங்கள். நுழைவு அட்டை, பள்ளி அடையாள அட்டை, நீலப் பேனா இரண்டு, எல்லாவற்றையும் உள்ளே இருப்பது தெரியும் பையில் போட்டு இப்போதே செருப்பு வைக்கும் இடத்துக்கு அருகில் வைத்துவிடுங்கள். 10.15-க்கு வினாத்தாள் தருவார்கள். 10.30 வரை படிக்க மட்டுமே நேரம். அப்போது நெஞ்சு படபடக்கும். எல்லாருக்கும் படபடக்கும், எழுதத் தொடங்கியதும் அடங்கும். ஒரு மதிப்பெண் கேள்வி இரண்டு நிமிடத்தில் வரவில்லை என்றால் வட்டம் போட்டுவிட்டு நகருங்கள். விடை வராத கணக்கிலும் வந்தவரை எழுதுங்கள், படிகளுக்கு மதிப்பெண் உண்டு. வெளியே வந்த பிறகு எப்படி எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.”

இதில் ‘வாழ்த்து’ என்ற சொல் இல்லைதான். ஆறரை மணிக்கு அனுப்பியதற்குக் காரணம், பத்தரைக்கு வரும் செய்தியைப் படித்த பிள்ளை பதினொன்றரைக்கு மறுபடி புத்தகத்தைத் திறக்கும். ‘பதற்றப்படாதே’ என்று எழுதவில்லை. அப்படிப் படித்துவிட்டுப் போன பிள்ளை, நெஞ்சு படபடத்ததும், மேம் சொன்னதைக்கூடக் கேட்க முடியவில்லையே என்று இரண்டாவதாக ஒரு பதற்றம் கொள்ளும். படபடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அது வரும்போது தெரிந்த விருந்தாளிதான் வந்திருக்கிறது என்று வேலையைப் பார்க்கும். ‘வினாத்தாள் சுலபமாக இருக்கும்’ என்ற ஆறுதலையும் நான் எழுதுவதில்லை. தாள் கடினமாக வந்துவிட்டால், எல்லாருக்கும் சுலபம், எனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடும். அந்தச் செய்தியில் உள்ள ஒவ்வொன்றும் பிள்ளையின் கையில் இருப்பது. பேனாவை எடுத்து வைப்பதும் வட்டம் போடுவதும் அவர்களால் முடியும். 90 எடுப்பது திருத்துபவர் கையிலும் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவே சரி என்று நான் சாதிக்க வரவில்லை. “எனக்கு டார்கெட் சொல்லுங்க மேம், அப்பதான் வேகம் வருது” என்று கேட்டு வந்த ஒரு மாணவனுக்கு, ஜனவரியில், அவனைத் தனியாக உட்கார வைத்து ஓர் எண்ணைச் சொன்னேன். சொன்னது சரியா என்று இன்றும் யோசிக்கிறேன். ஒரு பாடத்தில் தவறினாலும் துணைத்தேர்வு உண்டு என்பதையும் செய்தியில் சேர்க்க வேண்டும் என்கிறார் என் பள்ளியிலேயே வேதியியல் ஆசிரியை. முதல் நாள் மாலை தோல்வி என்ற சொல்லே வேண்டாம் என்கிறேன் நான். எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

சென்ற ஆண்டு அந்தச் செய்தியை அனுப்பிய மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்கு மேல் என் கைப்பேசி ஓயவே இல்லை. “ராஜ்மா சாவல் மேம்.” “மெட்ரோ வாசல்ல ஆலூ பராட்டா.” “தயிர் சாதம், அம்மா கேட்டுக்கே கொண்டு வந்துட்டாங்க.” வந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பையனிடமிருந்து மட்டும் வரவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவன் அப்பா தவறியிருந்தார். அம்மா பகல் முழுதும் வேலைக்குப் போய்விடுவார். நான்கு மணிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது: “இன்னும் சாப்பிடல மேம். வீட்ல யாரும் இல்ல.”

எப்படி எழுதினாய் என்று நான் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை ‘ஓகே மேம்’ என்று எழுதிவிட்டுப் படுத்திருப்பான். முனிர்க்காவில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தான். மதியம் வைத்த சாம்பார் சாதத்தைச் சூடு பண்ணிப் போட்டேன். இரண்டாவது முறை தட்டை அவனே நீட்டினான். கணக்கைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டான்: “அடுத்த பேப்பருக்கும் அந்த மாதிரி அனுப்புவீங்களா மேம்?”

அடுத்த பேப்பர் என் பாடம் இல்லை. இருந்தும் ஆறரை மணிக்கு அனுப்பினேன். நன்றி, வணக்கம்.