2 + i, 3 + i: கலப்பெண் பெருக்கலை வரைபடத்தாளில் பார்ப்போம்

வணக்கம். இன்று கேமராவை மேசைக்கு நேர் மேலே பொருத்தியிருப்பதால் என் முகம் தெரியாது. வரைபடத்தாளும் என் கையும் மட்டுமே தெரியும். ஓர் அலகுக்கு 2 செ.மீ. என்ற அளவில் இரண்டு அச்சுகளையும் முன்னதாகவே வரைந்து வைத்துவிட்டேன். கிடைமட்டமாக இருப்பது மெய் அச்சு, செங்குத்தாக இருப்பது கற்பனை அச்சு. ஆதிப்புள்ளியிலிருந்து வலப்பக்கம் 2 அலகு நகர்ந்து, அங்கிருந்து 1 அலகு மேலே ஏறிப் புள்ளி வைத்தால் அது 2 + i. அதேபோல வலப்பக்கம் 3, மேலே 1 என்று வைத்தால் அது 3 + i. இரண்டு புள்ளிகளுக்கும் ஆதியிலிருந்து ஒவ்வோர் அம்பு வரைந்துகொள்கிறேன். காணொளி முழுவதும் இந்த இரண்டு எண்களோடுதான் இருக்கப்போகிறோம்.

முதலில் கூட்டல். 3 + i என்ற அம்பைத் திருப்பாமல், நீளத்தை மாற்றாமல், அப்படியே நகர்த்தி அதன் வால் 2 + i-இன் முனையில் அமரும்படி வைக்கிறேன். முனை 5 + 2i-இல் வந்து நிற்கிறது. வரிசையை மாற்றி மற்ற அம்பை நகர்த்தினாலும் அதே இடத்துக்குத்தான் வருவோம். இரண்டு வழிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் இணைகரம் கிடைக்கிறது, அதன் மூலைவிட்டமே கூட்டுத்தொகை. இரண்டு அம்புகளும் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்ப்பதால் இந்த இணைகரம் மிகவும் ஒடுங்கித் தெரிகிறது. பார்க்க அழகாக இல்லை, ஆனால் பெருக்கலுக்கு இந்த எண்கள்தான் வசதி என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டலைப் பற்றி ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். இங்கே எந்தக் கோணத்தையும் நாம் அளக்கவில்லை. மெய் அச்சில் 1 எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. அம்புகளும் ஆதிப்புள்ளியும் இருந்தால் போதும். பெருக்கலில் அப்படி இருக்க முடியாது.

இயற்கணிதத்தில் பெருக்கினால் 6 + 2i + 3i + i² என்று வரும். i² என்பது −1 ஆகையால் விடை 5 + 5i. அந்தப் புள்ளியையும் குறிக்கிறேன். இது ஏன் அந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி. இரண்டு அம்புகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் விடை தெரியாது. ஆகவே 2 + i-ஐ இரண்டாகப் பிரித்து, 3 + i-ஐ முதலில் 2-ஆலும் பிறகு i-ஆலும் பெருக்குவோம்.

2-ஆல் பெருக்கினால் அம்பு அதே திசையில் இரு மடங்கு நீள்கிறது. முனை 6 + 2i. அடுத்து i-ஆல் பெருக்கினால் 3i + i², அதாவது −1 + 3i. மூலைமட்டத்தின் செங்கோண முனையை ஆதியில் வைத்து, ஒரு விளிம்பை 3 + i-இன் மேல் பொருத்துகிறேன். மற்ற விளிம்பு சரியாக −1 + 3i வழியாகச் செல்வதைப் பாருங்கள். நீளம் மாறவில்லை, அம்பு கடிகார எதிர்த்திசையில் 90° திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். எந்த எண்ணை எடுத்தாலும் i-ஆல் பெருக்குவது இந்தத் திருப்பம் மட்டுமே.

இப்போது இரண்டையும் கூட்ட வேண்டும். 6 + 2i-இன் முனையில் −1 + 3i அம்பை நகர்த்தி வைத்தால் 5 + 5i-க்கு வந்துவிடுகிறோம். ஆதி, 6 + 2i, 5 + 5i ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் தெரிகிறது; அதில் செங்கோணத்தைத் தாங்கும் பக்கங்கள் 2-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. மெய் அச்சின் மேல் 2 + i வரைந்தபோது வந்த சிறிய முக்கோணமும் இதே வடிவம்தான். அதாவது, 2 + i-இன் முக்கோணத்தைப் பெயர்த்தெடுத்து, மெய் அச்சுக்குப் பதிலாக 3 + i-இன் திசையில் படுக்கவைத்து, 3 + i-இன் நீளத்தால் பெரிதாக்கியிருக்கிறோம். பெருக்கலில் கோணங்கள் கூடுவதற்கும் நீளங்கள் பெருகுவதற்கும் காரணம் இதுவே.

பாகைமானியால் சரிபார்ப்போம். பாடநூல்கள் வீச்சு என்று சொல்லும் கோணம் 2 + i-க்கு ஏறத்தாழ 26.57°, 3 + i-க்கு 18.43°. கூட்டினால் 45°, 5 + 5i கட்டங்களின் மூலைவிட்டத்திலேயே அமர்ந்திருப்பதால் இதை அளக்கவும் தேவையில்லை. தனித்தனியே இவ்வளவு முரடான கோணங்கள் சேர்ந்து முழுமையான 45° ஆவதற்காகத்தான் இந்த எண்களைத் தேர்ந்தெடுத்தேன்.

நீளத்தில் ஒரு பொறி இருக்கிறது. அளவுகோலை வைத்தால் 2 + i அம்பு சுமார் 4.47 செ.மீ., 3 + i அம்பு சுமார் 6.32 செ.மீ. பெருக்கினால் 28 செ.மீ.க்கும் சற்று மேல் வருகிறது, ஆனால் 5 + 5i அம்போ 14.14 செ.மீ. தான் இருக்கிறது. வரைபடம் தவறில்லை. மட்டு என்பது செ.மீ.யில் அளப்பது அன்று. 1 என்ற அம்பின் நீளத்தை அலகாகக் கொண்டு அளப்பது. இந்தத் தாளில் அந்த 1 என்பது 2 செ.மீ. ஆகவே மட்டுகள் √5, √10. அவற்றின் பெருக்கம் √50, அதாவது ஏறத்தாழ 7.07 அலகு, அதுவே 14.14 செ.மீ. கூட்டலுக்குத் தேவைப்படாத 1 என்ற புள்ளி, பெருக்கலில் கோணத்துக்கும் நீளத்துக்கும் தொடக்கமாகிவிடுகிறது.

முன்பு ஒரு காணொளியில் வரைபட மென்பொருளில் இதையே காட்டினேன். திரையை நிரப்புவதற்காக அது கிடைமட்ட அச்சை மட்டும் இழுத்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. கூட்டல் சரியாகவே தெரிந்தது, ஏனெனில் இழுத்தாலும் இணைகரம் இணைகரமாகவே இருக்கும். i-ஆல் பெருக்கியபோது மட்டும் செங்கோணம் செங்கோணமாக இல்லை. 1-க்கும் i-க்கும் ஆதியிலிருந்து ஒரே தூரம் இருக்கிறதா என்று அளவுகோலால் பார்த்தால் இந்தப் பிழை உடனே பிடிபடும்.

வீச்சைக் கால்குலேட்டரில் எடுப்பவர்களுக்கு இன்னொரு இடறல் உண்டு. 3 + i-ஐ −2 + i-ஆல் பெருக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். −2 + i-க்கு, 1-ஐ −2-ஆல் வகுத்து tan⁻¹ பொத்தானை அழுத்தினால் −26.57° என்று வரும். 18.43°-உடன் கூட்டினால் ஏறத்தாழ −8.13°, அதாவது நான்காம் கால்பகுதி. ஆனால் உண்மையான பெருக்கம் −7 + i. அது இரண்டாம் கால்பகுதியில், ஆதிக்கு நேர் மறுபுறத்தில் இருக்கிறது. எதிரெதிராக நிற்கும் இரண்டு புள்ளிகளுக்கும் tan மதிப்பு ஒன்றே என்பதால் கால்குலேட்டரால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. மெய்ப்பகுதி குறை எண்ணாக இருந்தால் 180° கூட்டிக்கொள்ள வேண்டும்: −2 + i-இன் வீச்சு 153.43°, அதோடு 18.43°-ஐக் கூட்டினால் 171.87° பக்கம் வரும். பாகைமானியை வைக்கிறேன், பாருங்கள்: −7 + i, மெய் அச்சின் இடப்பக்கக் கோட்டுக்குச் சுமார் 8° மேலே இருக்கிறது.