ஏழை சொல் அம்பலம் ஏறிய கதை

(நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வேறொரு விழாவை விட்டுவிட்டு நமக்காக வந்திருக்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போட்டு, மைக் சரிபார்த்து, இப்போது கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்ட நூலகர் அம்மா அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்தீர்கள், அதற்குத் தனியாக ஒரு நன்றி.

எனக்குக் கொடுத்திருக்கும் பொருள் ஜெர்மன் தத்துவ ஆசிரியர் நீட்சே. அவருடைய ஆய்வு முறை, ஆண்டான் அறம் அடிமை அறம் என்ற பிரிவு, இரக்கம், பணிவு, கடைசியாகத் துறவு என்று ஐந்தையும் பேசுவதாக வட்டச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பிடித்த பழமொழி ஒன்று உண்டு. என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது. இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டு போகப்போகிறேன்.

1887ஆம் ஆண்டு கோடையில், சுவிட்சர்லாந்தின் சில்ஸ் மரியா என்ற மலைக் கிராமத்தில் உட்கார்ந்து நீட்சே ஒரு சிறிய நூல் எழுதினார். அறநெறியின் வம்சாவளி என்று அதைச் சொல்லலாம். மூன்று கட்டுரைகள்தான். அச்சுச் செலவும் அவர் கைக்காசு. ‘எது நல்லது?’ என்று அதற்கு முன் பலர் கேட்டிருந்தார்கள். இவர் கேட்டது வேறு. ‘நல்லது என்று நாம் சொல்லும் இதை முதலில் நல்லது என்றவன் யார்? அப்படிச் சொல்ல வேண்டிய தேவை அவனுக்கு எங்கிருந்து வந்தது?’

நிலம் வாங்கப் போகிறோம். விற்பவர் நல்ல மனிதர், வேலி அழகாக இருக்கிறது. இருந்தாலும் மூலப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். நீட்சே இரக்கத்துக்கும் பணிவுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்த்தார். கை மாறும்போது என்னவெல்லாம் நடந்தது என்று பார்ப்பதுதான் அந்த முறை. தண்டனையை வைத்து இதை அவர் விளக்குகிறார். தண்டிக்கும் செயல் பழையது. அதன் நோக்கம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் கடன் வசூல், ஒரு காலத்தில் தோற்ற எதிரியைக் கேலி செய்யும் திருவிழா, இன்னொரு காலத்தில் திருத்தம். ஆகவே இன்றைக்கு ஒன்று எதற்குப் பயன்படுகிறதோ அதற்காகத்தான் அது பிறந்தது என்று நினைத்துவிடக்கூடாது என்கிறார்.

உடனே ஒருவர் எழுந்து கேட்கலாம்: ‘மூலம் சரியில்லை என்றால் பொருளும் கெட்டதா?’ நியாயமான கேள்வி. பத்திரத்தில் கோளாறு என்றால் வீடு இடிந்துவிடாது. இது நீட்சேக்கும் தெரியும். ஓர் அறம் தவறான எண்ணத்திலிருந்து பிறந்திருந்தாலும், அதன் மதிப்பு என்ன என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடாது என்று அவரே எழுதியிருக்கிறார். வரலாறு காட்டினால், கேள்வி கேட்கவே கூடாத பொருளாக இருந்தது கேட்கக்கூடிய பொருளாக மாறுகிறது. அவ்வளவுதான், அதுவே பெரிய காரியம்.

சரி, ஆண்டானுக்கும் அடிமைக்கும் வருவோம். ஆண்டான் முதலில் தன்னைப் பார்க்கிறான். வலிமை, செல்வம், துணிச்சல், ஆரோக்கியம். ‘நான் நல்லவன்’ என்கிறான். அப்புறம்தான் தன்னைப் போல் இல்லாதவன் கண்ணில் படுகிறான். ‘இவன் மட்டமானவன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அதில் பெரிய கோபம் கிடையாது. அடிமையின் கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. அவன் முதலில் பார்ப்பது எதிரியை. ‘இவன் கொடியவன்.’ அதிலிருந்துதான் ‘இவனைப் போல் இல்லாத நான் நல்லவன்’ என்ற முடிவு வருகிறது. அடித்தவனைத் திருப்பி அடிக்க முடியாது. அந்தக் கோபம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து புகைகிறது. அந்த வன்மம் ஒருநாள் புதிய மதிப்புகளைப் பெற்றெடுக்கத் தொடங்குகிறது. அறத்தில் அடிமைகளின் கலகம் என்று அதற்குப் பெயர் வைக்கிறார்.

ஆட்டுக்குட்டிகளும் கழுகுகளும் என்று ஒரு காட்சி அதில் வரும். குட்டிகளுக்குக் கழுகு பிடிக்காது, அதில் வியப்பில்லை. ஆனால் குட்டிகள் கூடி, ‘கழுகு கெட்டது, கழுகைப் போல் இல்லாதது நல்லது’ என்று பேசுகின்றன. கழுகு கொஞ்சம் கேலியாகப் பார்த்துவிட்டு, ‘எங்களுக்கு இவற்றின் மேல் கோபமே இல்லை, இளம் குட்டியைப் போல் ருசி வேறு எதில் இருக்கிறது’ என்கிறதாம். அடுத்த பகுதியில், இலட்சியங்கள் தயாராகும் ஒரு பட்டறைக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார். அங்கே இயலாமை நன்மையாக மாறுகிறது. பயந்த கீழ்மை பணிவாக மாறுகிறது. பழிவாங்க முடியாமை, பழிவாங்க விரும்பாமையாகி, மன்னிப்பு என்ற பெயரோடு வெளியே வருகிறது.

ஏழை சொல் அம்பலம் ஏறாது. ரோமப் பேரரசில் அடிமையின் சொல் அம்பலம் ஏறவில்லை. சரி, அந்தச் சொல் எங்கே போயிற்று? அது வேறோர் அம்பலத்தைக் கட்டிக்கொண்டது, அதில் நீதிபதி கடவுள், தீர்ப்பு நாள் உலக முடிவு என்பதுதான் நீட்சேயின் பதில். சாட்சியாக தெர்துல்லியனை நிறுத்துகிறார். கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் அவர். அரங்கத்துக் காட்சிகளைப் பார்க்கப் போகாதீர்கள் என்று விசுவாசிகளுக்கு எழுதுகிறார். ஏன்? அதைவிடப் பெரிய காட்சி ஒன்று காத்திருக்கிறதாம். கடைசித் தீர்ப்பு நாளில் அரசர்கள் இருளில் புலம்புவார்கள், தத்துவ ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களோடு சேர்ந்து எரிவார்கள், நாடக நடிகர்களின் குரல் அன்றைக்குத்தான் நன்றாகக் கேட்கும். நான் எதைப் பார்த்து வியப்பேன், எதைப் பார்த்துச் சிரிப்பேன் என்று கேட்கிறார். அன்பைப் போதித்த மார்க்கத்தின் வீட்டுக்குள்ளேயே இந்தப் பழைய கணக்குப் புத்தகம் இருக்கிறது பாருங்கள் என்று நீட்சே இதை முழுதாக எடுத்துப் போடுகிறார். தெர்துல்லியன் ஒருவரை வைத்து மொத்த மார்க்கத்தையும் எடை போடலாமா என்றால், கூடாது. நீட்சேயின் வரலாறு அங்கே மெலிந்துதான் இருக்கிறது.

இன்னொரு பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் வில்லங்கம் போட்டுப் பார்த்தவர் மனு தர்மத்துக்கு மட்டும் அதே கண்டிப்போடு போட்டுப் பார்க்கவில்லை. 1888இல் ழக்கோலியோ என்ற எழுத்தாளரின் பிரெஞ்சு வடிவத்தில் அதைப் படித்து மெச்சி எழுதினார். அதை எழுதியவன் யார், எந்த நலனுக்காக எழுதினான் என்று மற்றவர்களைக் கேட்டதுபோல் குடைந்து கேட்கவில்லை. அம்பேத்கர் நீட்சேயையும் மனுவையும் அருகருகே வைத்து இதை விசாரித்திருக்கிறார். நம் ஊரில் நீட்சே பேசுகிறவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டுப் பேசக்கூடாது.

இப்போது இரக்கம். இதைப் பேசியவர் யார் என்பது முக்கியம். 1869இல் 24 வயதில் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர், 1879இல் தலைவலியும் கண்நோயும் தாங்காமல் வேலையை விட்டார். அதன்பிறகு ஓய்வூதியத்தில் வாழ்ந்த நோயாளி. வருடக்கணக்கில் நோயோடு போராடியவர். அவர் சொல்வது இது: இரக்கப்படுகிறவனுக்கு என் துன்பத்தின் உள்விவரம் தெரியாது. அது என் வாழ்க்கையில் எதோடு பின்னியிருக்கிறது என்று அவன் கேட்பதும் இல்லை. மேலோட்டமாகப் பார்த்து, ஒரு பெயர் வைத்து, உடனே உதவ ஓடிவருகிறான். அந்த அவசரத்தில் என்னைச் சிறியவனாக்கிவிடுகிறான்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரு விழாவைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், அமைப்பின் பெயரும் வேண்டாம். ஏழை மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா. பேனர் மேடையை விடப் பெரியது. அதில் பத்து முகம், பத்தும் கொடுப்பவர்கள் முகம். பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்து வரிசையில் உட்கார்ந்தாயிற்று. முக்கிய விருந்தினர் வர நேரமாயிற்று. வந்தார், பேசினார்கள், ஒருவரை ஒருவர் பாராட்டினார்கள். கடைசியில் ஒரு பையனை மேடைக்கு அழைத்தார்கள். ஐந்தாம் வகுப்பு இருக்கும். நோட்டுக் கட்டை ஒரு பக்கம் அவன் பிடிக்க, மறுபக்கம் ஏழு பெரியவர்கள் பிடித்தார்கள். போட்டோக்காரர், ‘தம்பி, கேமராவைப் பாரு’ என்றார். பார்த்தான். எடுத்தார். பையன் இறங்கிப் போய்விட்டான். அப்போது பார்த்து, மேடையில் ஒருவர் ‘நான் படத்தில் விழவில்லையே’ என்றார். பையனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கட்டை வாங்கித் திரும்பக் கொடுத்தார்கள். இந்தத் தடவை பையன் சிரித்துவிட்டான். போட்டோக்காரர் சொல்கிறார்: ‘சிரிக்காதே தம்பி, கொஞ்சம் பாவமா நில்லு.’ பையன் என்ன செய்தான் தெரியுமா? மைக் பக்கத்திலேயே நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. ‘பாவமா எப்படி சார் நிக்கிறது?’ என்றான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த மண்டபமும் சிரித்தது. மேடையில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. ஏழை சொல் அன்றைக்கு அம்பலம் ஏறிவிட்டது, மைக் வழியாக.

நீட்சேயின் கேள்வியை இங்கே வையுங்கள். இந்த இரக்கம் யாருக்குத் தேவைப்பட்டது? நோட்டு பையனுக்குத் தேவை. பாவமாக நிற்பது கொடுப்பவருக்குத் தேவை. இரண்டையும் ஒரே கட்டில் கட்டிக் கொடுத்தார்கள். அதனால்தான் நானும் சில நண்பர்களும் ஊர் ஊராக ஒன்றைச் சொல்லிவருகிறோம்: கொடுங்கள், வாங்கும் பிள்ளையைப் படம் எடுக்காதீர்கள். நன்கொடைக் கணக்குக்கு ஆதாரம் வேண்டும் என்றால் ரசீது இருக்கிறது, தலைமை ஆசிரியர் கையெழுத்து இருக்கிறது. பிள்ளையின் முகம் ஆதாரம் ஆகாது.

பணிவுக்கு நேரம் குறைவு. மிதிபட்ட புழு சுருண்டுகொள்கிறது, மறுபடி மிதிபடாமல் இருக்க அது செய்யும் புத்திசாலித்தனம், அறத்தின் மொழியில் அதற்குப் பணிவு என்று பெயர் என்று 1888இல் எழுதினார். தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான் என்ற லூக்கா நற்செய்தி வசனத்தையும் முன்பே திருத்தியிருந்தார்: தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்பட விரும்புகிறான். வள்ளுவர் பணிவைச் சொன்னாரே என்பீர்கள். ‘எல்லார்க்கும் நன்றாம் பணிதல் அவருள்ளும் செல்வர்க்கே செல்வம் தகைத்து’ என்றார். செல்வரிடம்தான் அதைத் தனியாக எதிர்பார்க்கிறார். மேடையில் பணிய வேண்டியவர்கள் யார் என்று இதை வைத்துப் பாருங்கள். இங்கே ஒரு கட்டுரைக்கே இடம் இருக்கிறது, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

துறவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார், அதை விட்டுவிடுகிறேன். நகர்மன்ற உறுப்பினர் ஐயா இங்கேயே இருப்பதால் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் இந்த நூலகத்தில் பரிசளிப்பு இருக்கிறது. பேச்சுப் போட்டியில் வென்ற பிள்ளையை மேடைக்கு அழையுங்கள், படமும் எடுங்கள், அது அவன் சம்பாதித்தது. உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளுக்கு மட்டும் அவரவர் வகுப்பாசிரியர் வழியாக உறையில் கொடுத்துவிடுங்கள், பெயரைப் பேனரில் போட வேண்டாம். இதே கோரிக்கையை எழுதிய தாள் வாசலில் நூலகர் அம்மா மேசையில் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறவர்கள் போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.