ஒரே பார்சல், மூன்று ட்ராக்கிங் நம்பர்: எந்த நம்பரை எங்கே பார்ப்பது?

[திரையில்: ஒரு பார்சலின் லேபிள். இரண்டு பார்கோடுகள் பெரிதாகத் தெரிகின்றன.]

வணக்கம். நியூஜெர்சி எடிசனில் இருக்கும் ஒருவர் கொலுவுக்காகச் சீனாவிலிருந்து ஒரு விளக்குச் சரம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் ஷென்சென் நகரத்தில் இருக்கிறார். முதலில் YT என்று தொடங்கும் ஒரு நம்பர் வருகிறது. அதை அமெரிக்க அஞ்சல் துறையான யுஎஸ்பிஎஸ் தளத்தில் போட்டால் எதுவும் கிடைக்கவில்லை. சில நாள் கழித்து 92 என்று தொடங்கும் நீளமான இன்னொரு நம்பர் தெரிகிறது. அதை யுஎஸ்பிஎஸ் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் "USPS Awaiting Item" என்று மட்டும் சொல்கிறது. நடுவில் விமான நிறுவனத்துடையது போல ஒரு பதினோரு இலக்க நம்பரும் எட்டிப் பார்க்கிறது.

பார்சல் தொலைந்துவிட்டதா, யாராவது மாற்றிவிட்டார்களா என்ற பயம் வருவது இயல்புதான். இந்த மூன்று நம்பரும் எங்கே பிறக்கின்றன என்று தெரிந்துகொண்டால், பார்சல் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

[திரையில்: ஷென்செனிலிருந்து எடிசனுக்கு இரண்டு வழிகள். ஒன்று நீலக் கோடு, மற்றது ஆரஞ்சுக் கோடு.]

வெளிநாட்டிலிருந்து ஒரு பொருள் நம் வீட்டு அஞ்சல் பெட்டிக்கு வர இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, தபாலிலிருந்து தபாலுக்கு. சீன அஞ்சல் துறை வாங்கி, அமெரிக்க அஞ்சல் துறையிடம் நேரடியாகக் கொடுக்கும். 1874-இல் பெர்ன் நகரில் உருவான உலக அஞ்சல் ஒன்றியம் இதற்கென்று ஒரு பொது நம்பர் அமைப்பு வைத்திருக்கிறது. இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, மொத்தம் பதிமூன்று. CN என்று முடிந்தால் சீன அஞ்சல் கொடுத்த நம்பர், DE என்றால் ஜெர்மனி, IN என்றால் இந்தியா. இந்த நம்பர் வழி முழுக்க மாறாது. எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டு அஞ்சல் துறையும் அதே நம்பரைத்தான் ஸ்கேன் செய்யும். ஜெர்மனியிலிருந்து சென்னைக்கு அப்படி ஒரு பார்சல் வந்தால், DE என்று முடியும் அதே நம்பரை இந்திய அஞ்சல் துறையின் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது வழி வேறு மாதிரி. நம் விளக்குச் சரம் அதில்தான் வருகிறது.

[திரையில்: ஆரஞ்சுக் கோடு மட்டும். கிடங்கு, விமானம், சுங்கம், அஞ்சல் மையம்.]

இந்த வழியில் சீன அஞ்சல் துறைக்கு வேலையே இல்லை. விற்பவர் பொருளை ஒரு தனியார் ஒருங்கிணைப்பு நிறுவனத்திடம் கொடுக்கிறார். YT என்று தொடங்கும் நம்பர் யுன்எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனத்தினுடையது. இதே வேலையைச் செய்யும் நிறுவனங்கள் இன்னும் பல உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துகள். அவர்களுடைய கிடங்கில் ஆயிரக்கணக்கான சின்னப் பார்சல்கள் சேர்கின்றன. அவற்றைப் பெரிய மூட்டைகளாகக் கட்டிச் சரக்காக விமானத்தில் ஏற்றுகிறார்கள். அந்த மொத்தச் சரக்குக்கும் சேர்த்து விமான நிறுவனம் ஒரு நம்பர் கொடுக்கும். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். உதாரணமாக 160 என்றால் கேத்தே பசிபிக். மீதி எட்டு இலக்கம் அந்தச் சரக்குக்கு உரியது. நடுவில் எட்டிப் பார்த்த பதினோரு இலக்க நம்பர் இதுதான். அது உங்கள் விளக்குச் சரத்தின் நம்பர் அல்ல, அது பயணம் செய்யும் முழுச் சரக்கின் நம்பர். அதை வைத்து விமானம் இறங்கியதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

விமானம் நியூயார்க்கின் ஜேஎஃப்கே நிலையத்தில் இறங்குகிறது. இங்கே சுங்கத்தில் இது தபாலாக நிற்பதில்லை, வணிகச் சரக்காக நிற்கிறது. சுங்க முகவர் ஒருவர் தாள்களைத் தாக்கல் செய்து வரியைக் கட்டி வெளியே எடுக்கிறார். சீனாவிலிருந்து வரும் 800 டாலருக்கு உட்பட்ட பொருள்களுக்கு இருந்த வரிவிலக்கு 2025 மே 2-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் வரிக் கணக்கு உண்டு, இந்தக் கட்டத்தில் சில நாள் தங்குவதும் உண்டு.

சரி, இப்போதுதான் முக்கியமான இடம். சுங்கத்தைத் தாண்டிய மூட்டையைப் பிரித்து, பார்சல்களை யுஎஸ்பிஎஸ் மையத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்தக் கணத்தில் யுஎஸ்பிஎஸ் கண்ணுக்கு இது வெளிநாட்டுப் பார்சலே இல்லை. நியூயார்க்கில் யாரோ ஒருவர் எடிசனுக்கு அனுப்பிய உள்நாட்டுப் பார்சல். உள்நாட்டுப் பார்சலுக்கு உள்நாட்டு நம்பர்தான் வேண்டும். 92 என்று தொடங்கும் இருபத்திரண்டு இலக்க நம்பர் வருவது அதனால்தான். YT நம்பர் யுஎஸ்பிஎஸ் கணினியில் பதிவாவதே இல்லை. அஞ்சலக கவுன்ட்டரில் அதைக் காட்டினாலும் அவர்களால் ஒன்றும் பார்க்க முடியாது.

[திரையில்: 92 | சேவை, 3 இலக்கம் | அனுப்புநர் எண், 9 இலக்கம் | வரிசை எண், 7 இலக்கம் | சரிபார்ப்பு, 1 இலக்கம்]

அந்த இருபத்திரண்டு இலக்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 92-க்கு அடுத்த மூன்று இலக்கம் எந்தச் சேவை என்று சொல்லும். அடுத்த ஒன்பது இலக்கம், யுஎஸ்பிஎஸ்ஸிடம் கணக்கு வைத்திருக்கும் அனுப்புநரின் எண். அந்த அனுப்புநர் சீன விற்பவர் அல்ல, அமெரிக்காவில் பார்சலை ஒப்படைக்கும் நிறுவனம். பார்சலைப் பற்றி யுஎஸ்பிஎஸ்ஸிடம் கேட்டால் "அனுப்பியவரைக் கேளுங்கள்" என்று அவர்கள் சொல்வது இந்த நிறுவனத்தைத்தான். உங்களுக்கு அதன் பெயர்கூடத் தெரிந்திருக்காது. அதனால் நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் விற்பவரும், நீங்கள் வாங்கிய தளமும்தான்.

இன்னொரு சின்ன விஷயம். லேபிளை ஃபோன் கேமராவால் ஸ்கேன் செய்தால் சில நேரம் முப்பது இலக்கம் வரும். பயப்பட வேண்டாம். முன்னால் 420 என்ற குறியும், அதன் பின் உங்கள் ஊரின் ஐந்து இலக்க ஜிப் கோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். எடிசனில் 08820 பகுதியில் இருந்தால் 42008820 என்று தொடங்கும். அந்த எட்டையும் விட்டுவிட்டால் மீதிதான் ட்ராக்கிங் நம்பர்.

[திரையில்: தேதிகள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

இப்போது நம் விளக்குச் சரத்தைத் தேதி வாரியாகப் பின்தொடரலாம். செப்டம்பர் 3-ஆம் தேதி ஆர்டர். 4-ஆம் தேதி லேபிள் அச்சாகிறது, YT நம்பர் வருகிறது. பெரும்பாலான நேரம் யுஎஸ்பிஎஸ் நம்பரும் அன்றைக்கே உருவாகிவிடும், ஷென்செனிலேயே. பொருள் கிடங்கைவிட்டு நகரும் முன்பே அமெரிக்க நம்பர் தயார். யுஎஸ்பிஎஸ் தளத்தில் அதைப் போட்டால் "Shipping Label Created, USPS Awaiting Item" என்று வருகிறது. லேபிள் உருவாகியிருக்கிறது, பொருள் எங்களிடம் வரவில்லை என்பதுதான் அதன் பொருள்.

7-ஆம் தேதி ஹாங்காங்கிலிருந்து விமானம் கிளம்புகிறது. 8-ஆம் தேதி ஜேஎஃப்கே. 10-ஆம் தேதி சுங்கம் முடிகிறது. இதெல்லாம் யுன்எக்ஸ்பிரஸ் தளத்தில் YT நம்பரைப் போட்டால் மட்டுமே தெரியும். யுஎஸ்பிஎஸ் பக்கம் இந்த ஆறு நாளும் அதே ஒற்றை வரிதான். "யுஎஸ்பிஎஸ் ஒரு வாரமாகப் பார்சலை வைத்துக்கொண்டு நகர்த்தவில்லை" என்று பலர் கோபப்படுவது இந்த இடத்தில்தான். உண்மையில் அவர்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

11-ஆம் தேதி YT பக்கத்தில், கடைசிக் கட்ட நிறுவனத்திடம் ஒப்படைத்தாயிற்று என்று வருகிறது. யுஎஸ்பிஎஸ் பக்கத்தில் "Departed Shipping Partner Facility, USPS Awaiting Item" என்று மாறுகிறது. இந்த வாக்கியத்திலும் கடைசி மூன்று சொற்களைக் கவனியுங்கள். இன்னும் காத்திருக்கிறார்கள். "Accepted" என்ற சொல் வந்தால்தான் பொருள் யுஎஸ்பிஎஸ் கையில். நம் கதையில் அது 12-ஆம் தேதி வருகிறது. அதன் பிறகு YT பக்கத்தை மறந்துவிடலாம். 14-ஆம் தேதி எடிசன் அஞ்சலகம், அன்றைக்கே வீட்டு வாசல்.

[திரையில்: "ஒப்படைத்தாயிற்று" என்ற வரிக்கும் "Accepted" என்ற வரிக்கும் நடுவே சிவப்பு வட்டம்.]

தவறு நடந்தால் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்தான் நடக்கும். ஒருவர் கொடுத்துவிட்டேன் என்கிறார், மற்றவர் வரவில்லை என்கிறார். இரண்டு மூன்று நாள் இடைவெளி சாதாரணம். மூட்டை மொத்தமாக இறங்கி, ஒவ்வொன்றாக ஸ்கேன் ஆக நேரம் பிடிக்கும். ஒரு வாரம் தாண்டியும் "Accepted" வரவில்லை என்றால், இரண்டு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாங்கிய தளத்தில் புகார் போடுங்கள். அஞ்சலகத்துக்குப் போவதில் பயனில்லை, அவர்கள் வாங்காத பொருளுக்கு அவர்கள் பொறுப்பாக முடியாது. "Accepted" வந்த பிறகு நின்றுபோனால் கதை வேறு. அப்போது யுஎஸ்பிஎஸ் தளத்திலேயே, காணாமல்போன பார்சலைத் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக ஒரு மோசடி. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில விற்பவர்கள் பொருளே அனுப்பாமல், அதே ஊரில் வேறு யாருக்கோ போகும் உண்மையான 92 நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். தளத்தில் "Delivered, Edison, NJ" என்று பச்சையில் வரும். உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. நடுவழியில் நம்பர் மாறுவது சகஜம் என்பதால் நாமும் சந்தேகப்பட மாட்டோம்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலில் YT நம்பரைப் போட்டு, அந்தப் பக்கமே காட்டும் இரண்டாவது நம்பர் என்ன என்று பாருங்கள். விற்பவர் தனியாக அனுப்பிய நம்பர் அதோடு பொருந்த வேண்டும். அடுத்து யுஎஸ்பிஎஸ்ஸின் Informed Delivery என்ற இலவசச் சேவையில் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் முகவரிக்கு வரும் பார்சல்கள் அதில் நம்பரோடு தெரியும். விற்பவர் கொடுத்த நம்பர் அங்கே வரவே இல்லை, ஆனால் டெலிவரி ஆனதாகச் சொல்கிறது என்றால், உங்கள் ஊர் அஞ்சலகத்தில் கேளுங்கள். தபால்காரரின் ஸ்கேனர், டெலிவரி ஆன இடத்தையும் பதிவு செய்திருக்கும். யார் வீட்டுக்குப் போனது என்று சொல்ல மாட்டார்கள், உங்கள் முகவரிக்கு வரவில்லை என்பதை உறுதிப்படுத்துவார்கள். முடிந்தால் அதை எழுத்தில் வாங்கி, பணத்தைத் திரும்பக் கேட்கும்போது புகாரோடு இணைத்துவிடுங்கள்.