கெட்டிலுக்கு 5 ஸ்டார், பாராட்டு மட்டும் போன் கவருக்கு!

"சூப்பர் கவர், என் போனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது." ஐந்து ஸ்டார். எந்தப் பொருளுக்கு வந்த ரிவ்யூ தெரியுமா? கரண்ட் கெட்டிலுக்கு!

வணக்கம் நண்பர்களே. போன மாதம் ஒரு கெட்டில் வாங்க உட்கார்ந்தேன். ஒரே விலையில் இரண்டு, இரண்டுக்கும் 4.2 ஸ்டார். முதல் கெட்டிலுக்குப் பல ஆயிரம் ரேட்டிங், இரண்டாவதற்குச் சில நூறுதான். கை தானாகவே முதலாவது பக்கம் போனது. அப்போதுதான் இந்தப் போன் கவர் கண்ணில் பட்டது.

இது தெரியாமல் நடந்த தவறில்லை. நன்றாக விற்ற பழைய பொருளின் விற்பனைப் பக்கத்திலேயே படத்தையும் பெயரையும் மாற்றிப் புதுப் பொருளை ஏற்றிவிடுவார்கள். பழைய ஸ்டார்கள் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். வாடகை வீட்டில் பழைய குடித்தனக்காரரின் பெயர்ப்பலகையை வைத்தே காலம் தள்ளுவது மாதிரி! இன்னொரு வழி, வேறு வேறு பொருள்களை ஒரே பொருளின் நிறம், அளவு என்று காட்டி ஒரே பக்கத்தில் சேர்ப்பது. அமெரிக்காவில் பவுண்டிஃபுல் என்ற வைட்டமின் நிறுவனம் அமேசானில் இப்படிச் சேர்த்ததாக அங்குள்ள வர்த்தக ஆணையம் 2023இல் வழக்குப் போட்டது. 6 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள்.

கண்டுபிடிப்பது எளிது. ரிவ்யூக்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றிக் கடைசி வரை கீழே போங்கள். வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். பழைய படங்களில் வேறு பொருள் இருந்தால் அந்த ரேட்டிங் உங்களுக்கானது அல்ல. ரிவ்யூ எழுதியவரின் பெயருக்குக் கீழே எந்த நிறம், எந்த மாடல் வாங்கினார் என்று இருந்தால் அதையும் பாருங்கள்.

அப்புறம் அந்த 4.2. (திரையில் இரண்டு பட்டை வரைபடங்கள்.) முதல் கெட்டிலில் 80 சதவீதம் ஐந்து ஸ்டார், 20 சதவீதம் ஒரு ஸ்டார், நடுவில் யாருமே இல்லை. இரண்டாவதில் பெரும்பாலும் ஐந்தும் நாலும், கொஞ்சம் மூன்று. ஒரு ஸ்டார் 3 சதவீதம்தான். சராசரி ஒன்று, ஆனால் முதலாவதில் ஐந்தில் ஒருவர் நொந்துபோயிருக்கிறார்! நல்ல பொருளுக்கும் சில சமயம் இப்படி இரு முனையிலும் குவியும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். அந்த ஒரு ஸ்டார் ரிவ்யூக்களைப் படியுங்கள். "டெலிவரி லேட்" என்றால் விட்டுவிடலாம். இங்கே பத்துப் பேர் "ஒரே மாதத்தில் அடிப்பக்கம் கசிகிறது" என்று ஒரே குறையைச் சொல்லியிருந்தார்கள்.

ஐந்து ஸ்டார் போட்டால் 100 ரூபாய் கேஷ்பேக் என்று பெட்டிக்குள் வரும் அட்டை தனிக் கதை. உங்களுக்கு வந்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.

நான் இரண்டாவதைத்தான் வாங்கினேன். மூன்று ஸ்டார் போட்ட ஒருவர் "மூடி ரொம்ப டைட்" என்று எழுதியிருந்தார். உண்மைதான், தினமும் காலையில் மல்லுக்கட்டுகிறேன்.