நாடாவை எங்கே சுற்றுவது?

(மட்டக்களப்பு, படுவான்கரைக் கிராமமொன்றின் சுகாதார முகாமில், துண்டுப்பிரசுரத்தை விளக்கி ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, சுகாதார வைத்திய அதிகாரி அவர்களே, ஆலய வண்ணக்கர் ஐயா அவர்களே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களே, குடும்பநல உத்தியோகத்தர்களே, வயல் வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மாரே, பெரியோரே, அனைவருக்கும் வணக்கம். இடுப்பை எப்படி அளப்பது, அளவை எப்படி வாசிப்பது, வாசித்தபின் உணவில் எதை மாற்றுவது என மூன்று விடயங்களைப் பேச எண்ணியுள்ளேன்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். நெல்லை அளக்கத் தெரிந்த நமக்கு நம் வயிற்றை அளக்கத் தெரியவில்லை என்பதைச் சென்ற முகாமில் கண்டேன். வேளாண்மை செய்யும் மாமா ஒருவர் வந்தார். கையும் காலும் மெலிந்தவர். "எனக்கென்ன தம்பி, இருபது வருசமா முப்பத்தினாலு அங்குலக் காற்சட்டைதான்" என்றார். முப்பத்தினாலு அங்குலமென்றால் ஏறத்தாழ 86 சென்ரிமீற்றர். ஆண்களுக்கான 90 என்ற எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காற்சட்டை வண்டி வயிற்றுக்குக் கீழே இறங்கி நின்றது. சட்டையை உயர்த்தச் சொல்லி, விலாவின் கடைசி எலும்பைப் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டோம்; பின்னர் இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கண்டோம்; இரண்டுக்கும் நடுவே பேனையால் ஒரு புள்ளி வைத்தோம். பாதங்களைச் சேர்த்து நிமிர்ந்து நிற்கவைத்து, நாடாவைத் தரைக்குச் சமாந்தரமாகச் சுற்றினோம். உடனே மாமா வயிற்றை எக்கிக்கொண்டார். கூடியிருந்தோர் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சாதாரணமாக மூச்சை வெளியே விடச் சொல்லி, அதன் முடிவில் வாசித்தோம்: 97. மீண்டும் அளந்தோம், அதே 97. இரு அளவுகளும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபட்டிருந்தால் திரும்ப அளந்திருப்போம்.

இனி வாசிப்பு. நம் தெற்காசிய உடல்வாகுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்ரிமீற்றரிலிருந்து ஆபத்து தொடங்குகிறது. துண்டுப்பிரசுரத்தில் உள்ள மூன்று நிறங்களோ உயரத்தை வைத்துப் பிரிக்கப்பட்டவை: இடுப்பு உயரத்தின் பாதிக்குக் குறைந்தால் பச்சை, பாதியிலிருந்து மஞ்சள், பத்தில் ஆறு பங்கிலிருந்து சிவப்பு. மாமாவின் உயரம் 160. பாதி 80, ஆறு பங்கு 96. காற்சட்டை அளவு அவரை மஞ்சளில் வைத்திருந்தது. சரியான அளவு சிவப்பில் நிறுத்தியது. குடலைச் சூழ்ந்த கொழுப்பிலிருந்து வரும் இரத்தம் நேரே ஈரலுக்குப் போவதால், கை கால் மெலிந்திருந்தாலும் நீரிழிவு வரலாம். சிவப்பு என்பது நோய் உறுதியானதன் அடையாளமன்று. இரத்தத்தில் சீனியையும் அழுத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். கர்ப்பிணிகளுக்கும், வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இந்த அளவு பொருந்தாது.

'அளந்து போடு' என்றால் அளவுகோலும் சரியாக இருக்க வேண்டுமல்லவா? தையற்கடையில் நாட்பட்ட துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும். நீண்ட நாடா இடுப்பைக் குறைத்தே காட்டும். ஆகவே உணவு பற்றிய பேச்சை வைத்திய அதிகாரி அவர்களிடம் விட்டு, என் நெடுநாள் கோரிக்கையை இச்சபை முன் வைக்கிறேன். இழுபடாத நாடா ஒன்றைக் கிராம அபிவிருத்திச் சங்கம் வாங்கி, ஆலய மண்டபத்தில் தொங்கவிட்டு, ஆண்டுக்கொருமுறை மீற்றர்க் கோலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வண்ணக்கர் ஐயா மண்டபத்தில் ஓர் ஆணிக்கு இடம் தர வேண்டும்.