விடுபட்டவர்களை எண்ணுவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு நாடு தன் மக்களை எண்ணி முடிக்கிறது. அதில் யார் விடுபட்டார்கள், யார் இருமுறை எண்ணப்பட்டார்கள் என்பது எப்படித் தெரியவரும்? விடுபட்டவர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டாரே!

இதற்கான வழி இரண்டாவதாக ஒரு பட்டியல் தயாரிப்பது. கணக்கெடுப்பு முடிந்ததும், சில பகுதிகளை மட்டும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, வேறு ஆட்களை அனுப்பி வீடுவீடாக மறுபடி விசாரிப்பார்கள். முதல் பட்டியலை இவர்கள் கண்ணில் காட்டவே கூடாது. காட்டினால் பார்த்து எழுதிவிடுவார்கள். முதலில் விடுபட்ட வீடு இதிலும் விடுபடும். இந்த இரட்டைப் பட்டியல் முறையை மக்கள்தொகையியலில் நிலைநிறுத்தியது, 1949இல் சி. சந்திரசேகரும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் எழுதிய கட்டுரை. அதற்கான தரவு கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரின் பிறப்பு, இறப்புப் பதிவுகள்.

ஒரு கற்பனைப் பகுதியை எடுத்துப் பார்ப்போம். கணக்கெடுப்பு அங்கே 1,000 பேர் என்கிறது. ஆய்வுக்காரர்கள் அந்த 1,000 பதிவுகளையும் சோதிக்கிறார்கள். விடுதியில் ஒருமுறை, பெற்றோர் வீட்டில் ஒருமுறை என எண்ணப்பட்ட மாணவர்கள், கணக்கெடுப்பு நாளுக்குப் பின் பிறந்த குழந்தைகள் எனத் தவறான பதிவுகள் 30. பூட்டிய வீடுகளில் ஆட்கள் இருப்பார்கள் என்று அனுமானித்துச் சேர்த்தவை 20. கழித்தால் சரியான பதிவுகள் 950.

தனியாக நடந்த இரண்டாவது விசாரணையில் 800 பேர் அகப்படுகிறார்கள். அவர்களில் 760 பேர் முதல் பட்டியலிலும் இருக்கிறார்கள். அதாவது 95 சதவீதம். அப்படியானால் கணக்கெடுப்பு நூற்றுக்கு 95 பேரைப் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். 950ஐ 0.95ஆல் வகுத்தால் 1,000. உண்மையான மக்கள்தொகை 1,000, கணக்கெடுப்பு சொன்னதும் 1,000!

பிழையே இல்லை என்று மகிழ வேண்டாம். விடுபட்டவர்கள் 50 பேர். தவறான பதிவும் அனுமானப் பதிவும் சேர்ந்து 50. ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் 2020 கணக்கெடுப்பில் இதுவேதான் நடந்தது. விடுபட்டவர்களிலிருந்து தவறான, அனுமானப் பதிவுகளைக் கழித்தபின் நின்ற நிகர விடுபடல் வெறும் 0.24 சதவீதம், புள்ளியியல்படி பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு. உள்ளே பார்த்தால், 1.88 கோடிப் பேர் சரியாக எண்ணப்படவில்லை. தவறான பதிவுகள் 72 லட்சம். அவற்றில் 52 லட்சம் இரட்டைப் பதிவுகள். அனுமானப் பதிவுகள் 1.09 கோடி. இந்தச் சரிக்கட்டல் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை: ஸ்பானிய, லத்தீன் அமெரிக்க வழிவந்த ஹிஸ்பானிய மக்களில் 4.99 சதவீதம் குறைவாகவும், ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர்கள் 1.64 சதவீதம் அதிகமாகவும் எண்ணப்பட்டிருந்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் 2.79 சதவீதம் குறைவு.

எண்ணிக்கையைக் கெடுப்பது பெரும்பாலும் பெயர்ப் பொருத்தம். ஒரு பட்டியலில் 'மு. செல்வராஜ், 42', இன்னொன்றில் 'செல்வம், 40' என்றிருந்தால் இருவரும் ஒருவர்தானா? பெயரோடு பாலினம், வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதையும் வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் மறுபடி வீட்டுக்கே போய்க் கேட்பார்கள். நம் உதாரணத்தில் 16 பேரை மட்டும் தவறாகப் 'பொருந்தவில்லை' என்று தள்ளிவிட்டால் பொருத்தம் 93 சதவீதமாகிவிடும். மதிப்பீடு ஏறத்தாழ 1,022. இல்லாத 22 பேர் விடுபட்டதாகக் கணக்காகிவிடும். இரு விசாரணைகளுக்கும் இடையே நாட்கள் கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். 'கணக்கெடுப்பு நாளன்று எங்கே தங்கியிருந்தீர்கள்?' என்று மாதங்கள் கழித்துக் கேட்டால், இடையில் வீடு மாறியவருக்கு எந்தத் தேதியில் மாறினோம் என்பதே குழப்பமாக இருக்கும்.

இன்னொரு ஓட்டையை அடைப்பது கடினம். முதல் ஆளுக்குக் கதவைத் திறக்காதவர் இரண்டாவது ஆளுக்கும் பெரும்பாலும் திறப்பதில்லை. இரு பட்டியலிலும் இல்லாதவர்கள் இப்படிக் கூடும்போது விடுபடல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுகளிலிருந்து தனியாக ஒரு கணக்குப் போட்டு, ஆண், பெண் விகிதத்தை ஒப்பிடுவார்கள். ஒரு வயதுப் பிரிவில் ஆண்கள் மட்டும் பொருந்தாமல் குறைந்தால் அங்கேதான் சந்தேகம். நடைபாதைவாசிகளின் கதை வேறு: வீடுகளை வைத்து நடக்கும் ஆய்வு அவர்களைத் தொடுவதே இல்லை.

இந்தியாவில் 2011 கணக்கெடுப்புக்குப் பின் நடந்த ஆய்வு, ஆயிரத்துக்கு 23 பேர் நிகரமாக விடுபட்டதாகச் சொன்னது. 121 கோடியில் இது ஏறத்தாழ 2.8 கோடி. வெளியான மக்கள்தொகை எண்ணிக்கையை இதைக் கொண்டு திருத்தவில்லை. மாதிரி சிறியது, மாநிலங்களின் தொகுப்புக்கு மதிப்பீடு தரும், ஒரு தாலுகாவில் எத்தனை பேரைக் கூட்ட வேண்டும் என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது.