களத்தில் விற்பதா, கொள்முதல் நிலையத்தில் விற்பதா?

நேயர்களுக்கு வணக்கம். நெல் விற்ற பணத்தில் செலவு போக மிஞ்சுவதை, காவிரி டெல்டாவில் ஒரு ஏக்கர் சம்பாவை மாதிரியாக வைத்துப் பார்ப்போம். செலவுத் தொகைகள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. அவரவர் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளலாம்.

விதையும் நாற்றங்காலும் 2,500 ரூபாய், உழவு 5,000, நடவும் களையெடுப்பும் 9,500, உரம் 3,500, பூச்சிமருந்து 1,500, அறுவடை இயந்திர வாடகை 3,000. ஆக 25,000 ரூபாய். அறுத்த நெல் 2,400 கிலோ. அதில் ஈரப்பதம் 22 விழுக்காடு.

களத்துக்கே வரும் வியாபாரி குவிண்டாலுக்கு 2,100 ரூபாய் தருகிறார் என்றால் கைக்கு 50,400 வர வேண்டும். ஆனால் மொத்தத் தொகையில் 3 விழுக்காடு தரகாக 1,512 ரூபாயும், 60 கிலோ மூட்டைக்கு ஒரு கிலோ எடைக் கழிவு என்ற வகையில் 840 ரூபாயும் போய்விட, கிடைப்பது 48,048தான். சாகுபடிச் செலவு போக மிச்சம் 23,048 ரூபாய்.

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், தரகு கிடையாது. குவிண்டாலுக்கு 400 ரூபாய் கூடுதல் என்று இதைக் கணக்கிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அங்கே ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. அந்த அளவுக்குக் காயவைத்தால் 2,400 கிலோ நெல் சுமார் 2,255 கிலோவாகக் குறையும். அதற்கு 56,375 ரூபாய் கிடைக்கும். உலர்த்தும் கூலி, ஏற்றுகூலி, வண்டி வாடகை என 3,000 போனால் 53,375. சாகுபடிச் செலவைக் கழித்தால் 28,375. இரண்டு வழிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் 5,327 ரூபாய்.

இவற்றில் எதுவும் இன்னும் நிகர லாபம் ஆகவில்லை. தண்ணீர் பாய்ச்சவும் வரப்பு வெட்டவும் உரம் தெளிக்கவும் குடும்பத்தார் பதினைந்து நாள் உழைத்திருந்தால், நாளுக்கு 500 ரூபாய் வீதம் 7,500 ரூபாய் அவர்கள் கூலி. நம் வீட்டு உழைப்புக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்று இதை விட்டுவிடுவதால்தான், லாபம் இருந்ததாகத் தோன்றியும் கையில் பணம் தங்குவதில்லை. அதையும் கழித்தால் வியாபாரி வழியில் 15,548, கொள்முதல் நிலைய வழியில் 20,875. குத்தகை நிலமானால் வாரமும் இதிலிருந்தே போக வேண்டும்.

தரகு 3 விழுக்காடுதானே என்று எண்ண வேண்டாம். அது விற்பனைத் தொகையின் மேல் விழுகிறது. நிகர லாபத்தோடு ஒப்பிட்டால், தரகு இல்லாதிருந்தால் மிஞ்சியிருக்கும் தொகையில் கிட்டத்தட்ட 9 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது.

ஆயினும் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துக் காத்திருக்கையில் மழை பிடித்தால், ஈரம் ஏறி மீண்டும் உலர்த்தும் செலவு வரும். முளை கண்ட நெல் அனுமதித்த அளவை மீறினால் வாங்கமாட்டார்கள். மூடிவைக்கத் தார்ப்பாயும் காயவைக்கக் களமும் இல்லாதவர், மேகம் கூடும் நாளில் அந்த 5,327 ரூபாயை விட்டுக்கொடுத்துக் களத்திலேயே விற்றுவிடுவதை நான் தவறென்று சொல்லமாட்டேன்.